வண்டி யாருடையது, வேலை எத்தனை மாதத்துக்கு? சிறு டெலிவரித் தொழிலில் வாங்குவதும் குத்தகைக்கு எடுப்பதும்

தமிழ்நாட்டில் சரக்கு வண்டி என்றாலே கடன் வாங்கி, டியூ கட்டி, கடைசித் தவணை முடிந்ததும் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்குவதுதான் வழக்கம். 1954இல் சென்னையில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸும் 1979இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸும் இந்த வழக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 2005இல் டாடா ஏஸ் வந்து ‘குட்டியானை’ என்ற பெயரோடு சந்தைக்குச் சந்தை நிற்கத் தொடங்கியபின், ஒரே ஒரு வண்டியோடு தொழில் நடத்தும் முதலாளிகள் பெருகினார்கள். இப்போது அவர்கள் முன்னால் இன்னொரு வழியும் வைக்கப்படுகிறது. முன்பணம் பெரிதாகத் தேவையில்லை, மாத வாடகை மட்டும் கட்டுங்கள், சர்வீஸும் இன்சூரன்ஸும் எங்கள் பொறுப்பு, வரியும் மிச்சமாகும் என்று குத்தகை நிறுவனங்கள் அழைக்கின்றன. எது லாபம் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் டியூவையும் வாடகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து விடை சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒப்பீடு தவறான இடத்தில் தொடங்குகிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கையில் உள்ள வேலை எத்தனை மாதத்துக்கு உறுதி, வேலை நின்றால் வண்டியின் சுமை யார் தலையில் விழும் என்ற இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். வரி இவற்றுக்கெல்லாம் பிறகே வருகிறது.

ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். கோவையில் ஒரு மொத்த வியாபாரியின் மளிகைச் சரக்கைச் சில்லறைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஒரு வண்டித் தொழிலை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. வாசகர் தமக்குக் கிடைத்த கொட்டேஷனைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். வண்டி சாலைக்கு வரும்போது, சாலை வரி, முதலாண்டு இன்சூரன்ஸ், பாடி கட்டும் செலவு எல்லாம் சேர்த்து ரூ.6,60,000 ஆகிறது. இதில் ரூ.5,00,000 கடன், மீதி ரூ.1,60,000 கைப்பணம். குறையும் நிலுவைக்கு 12 சதவீத வட்டியில் 48 மாதத்துக்கு டியூ சுமார் ரூ.13,170. முதல் இரண்டு ஆண்டுகளில் பராமரிப்புக்கு மாதம் ரூ.2,500, அடுத்த இரண்டு ஆண்டுகளில் ரூ.5,500, இரண்டாம் ஆண்டிலிருந்து இன்சூரன்ஸுக்கு ஆண்டுக்கு ரூ.25,000 என்று வைப்போம். நான்கு ஆண்டு முடிவில் வண்டி ரூ.2,80,000க்கு விலைபோகும். மறுபக்கம், அதே வண்டி குத்தகையில் மாதம் ரூ.18,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்ந்து ரூ.21,240. பராமரிப்பும் இன்சூரன்ஸும் அதற்குள் அடக்கம். திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை ரூ.36,000.

நான்கு ஆண்டும் வண்டி ஓய்வில்லாமல் ஓடினால் விடை தெளிவானது. வாங்கியவருக்குக் கைப்பணம், டியூ, பராமரிப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ரூ.10,59,000 செலவாகிறது. விற்ற பணத்தைக் கழித்தால் ரூ.7,79,000. குத்தகைக்காரர் கட்டியது ரூ.10,19,500. வித்தியாசம் ரூ.2,40,000, மாதத்துக்கு ரூ.5,000. இதில் வியக்க ஒன்றுமில்லை. குத்தகை நிறுவனமும் வண்டியை வாங்கித்தான் தருகிறது. தன் வட்டியையும் தேய்மானத்தையும் ரிப்பேரையும் லாபத்தையும் வாடகையில் ஏற்றுகிறது. ஆகவே குத்தகை மலிவு என்று சொல்பவர் எங்கோ ஒரு செலவை விட்டுவிட்டார் என்று கொள்ளலாம். அது விலை கூடிய வழிதான். அந்த மாதம் ஐயாயிரத்துக்கு என்ன கிடைக்கிறது, அது நமக்குத் தேவையா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

கிடைப்பது என்னவென்று வேலை பாதியில் நிற்கும்போது தெரியும். மொத்த வியாபாரி 14ஆம் மாதத்தில் வேறு ஆளுக்கு வேலையைக் கொடுத்துவிடுகிறார் என்று வைப்போம். வாங்கியவருக்கு அப்போது சுமார் ரூ.3,78,000 கடன் பாக்கி. முன்கூட்டிக் கடனை முடிக்க 4 சதவீதக் கட்டணம் என்றால் இன்னும் ரூ.15,000. அவசரத்தில் விற்கிற வண்டிக்கு ரூ.4,40,000 கிடைத்தாலும், கட்டிய கைப்பணம், டியூ, பராமரிப்பு, இன்சூரன்ஸ் அனைத்தையும் சேர்த்துக் கழித்தால் 14 மாதத்துக்கு அவர் செலவு ரூ.3,57,000. குத்தகைக்காரர் கட்டியது ரூ.2,97,000. ஒப்பந்தத்தின் லாக்-இன் 12 மாதம்தான் என்றால் அவர் வண்டியை ஒப்படைத்துவிட்டு விலகிவிடுவார், ரூ.60,000 அவருக்கு மிச்சம். இதையே 24ஆம் மாதத்தில் போட்டுப் பார்த்தால், ரூ.3,80,000க்கு வண்டியை விற்றுவிடும் முதலாளிக்கு ரூ.4,72,000 செலவு, குத்தகைக்காரருக்கு ரூ.5,10,000. தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. இந்தக் கணக்கில் ஒன்றரை ஆண்டுக்கும் இரண்டு ஆண்டுக்கும் இடையில் எங்கோ எல்லைக்கோடு விழுகிறது. அதற்கு முன்பே வேலை முடியக்கூடும் என்றால் குத்தகை, அதைத் தாண்டி ஓடும் என்று நம்பக் காரணம் இருந்தால் சொந்த வண்டி.

ஆனால் குத்தகைக்குச் சாதகமான இந்த முடிவு முழுவதும் அந்த லாக்-இன் என்ற ஒரே வரியில் தொங்குகிறது. ஒப்பந்தம் 36 மாத லாக்-இன் கேட்டு, இடையில் விலகினால் மீதி வாடகை முழுவதையும் கட்டச் சொன்னால், 14ஆம் மாதத்தில் நிற்பவர் இன்னும் 22 மாத வாடகைக்குக் கடன்பட்டவர். விற்றுக் கடனை அடைக்க அவரிடம் வண்டியும் இல்லை. கடன் வாங்கியவரைவிட மோசமான நிலை அது. மாதம் ஐயாயிரம் கூடுதலாகக் கட்டி விலகும் சுதந்திரத்தை வாங்குகிறோம். அந்தச் சுதந்திரத்தை ஒப்பந்தமே பறித்துக்கொண்டால் வெறும் விலை மட்டும் மிஞ்சும். வேலை தருபவரோடு போட்ட ஒப்பந்தத்தின் காலத்தைவிட வண்டியின் லாக்-இன் நீளக்கூடாது என்பதை இதிலிருந்து ஒரு விதியாகவே எடுத்துக்கொள்ளலாம். வேலைக்கு எழுத்து ஒப்பந்தமே இல்லை என்றால் லாக்-இன் ஆறு மாதத்துக்கு மேல் போகவிடுவது ஆபத்து.

ரொக்க ஓட்டத்தைப் பார்ப்போம். வாங்குபவரின் கையிலிருந்து முதல் நாளே ரூ.1,60,000 போகிறது, குத்தகைக்காரருக்கு வைப்புத்தொகையும் முதல் வாடகையும் சேர்த்து ரூ.57,000 போதும். இடையிலுள்ள ஒரு லட்சம் சிறு தொழிலுக்குச் சாதாரணத் தொகை இல்லை. டீசலுக்கு அன்றன்றைக்குப் பணம் வேண்டும், டிரைவருக்கு மாதச் சம்பளம், லோடு ஏற்றி இறக்குபவருக்கு அன்றைய கூலி. சரக்குக் கொடுத்தவரோ பில் போட்டு 30 நாள், 45 நாள் கழித்துத்தான் தருகிறார். முதல் இரண்டு மாதத்தை ஓட்ட அந்த ஒரு லட்சம் கையில் இல்லாமல், முன்பணத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டவர் டீசலுக்கு மீட்டர் வட்டி வாங்கும் நிலை வருகிறது. வண்டிக் கடனை 12 சதவீதத்தில் வாங்கிவிட்டு நடைமுறைச் செலவுக்கு அதைவிடப் பலமடங்கு வட்டி கொடுத்தால், நான்கு ஆண்டில் மிச்சமாக வேண்டிய ரூ.2,40,000 அங்கேயே கரைந்துவிடும். எனவே முன்பணம் கட்டியபிறகும் இரண்டு மாத ஓட்டச் செலவு கையில் நிற்குமா என்று பார்த்த பிறகே வாங்குவதைப் பற்றி நினைக்கவேண்டும்.

மாதக் கணக்கில் படம் தலைகீழாகிறது. டியூ ரூ.13,170, வாடகை ரூ.21,240. மாதம் எட்டாயிரம் மிச்சம் என்று வாங்கியவர் மகிழ்வார். அந்த எட்டாயிரம் அவருடையது இல்லை. வரப்போகும் டயருக்கும் கிளட்சுக்கும் பேட்டரிக்கும் இன்சூரன்ஸுக்கும் எஃப்.சி.க்கும் உரியது. பராமரிப்புச் செலவு சராசரியில் வருவதில்லை. பத்து மாதம் அமைதியாக இருந்துவிட்டு ஒரே மாதத்தில் மொத்தமாக வருகிறது. எட்டாயிரத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைப்பவருக்குச் சொந்த வண்டி நிச்சயமாக லாபம். வீட்டுச் செலவோடு கலந்துவிடுபவருக்குக் குத்தகை வாடகையே கட்டாயச் சேமிப்புபோல ஆகிவிடுகிறது. இதையும் இங்கே சொல்லியாக வேண்டும்: கடன் தருபவர் சொல்லும் வட்டி ‘ஃபிளாட்’ வட்டியா, குறையும் நிலுவை வட்டியா என்று கேட்காமல் எந்த ஒப்பீடும் செல்லாது. மூன்று நான்கு ஆண்டுக் கடனில் 9 சதவீத ஃபிளாட் வட்டி என்பது உண்மையில் சுமார் 16 சதவீதம். 12 சதவீதத்தைவிட அது மலிவாகத் தோன்றுவது தோற்றம் மட்டுமே.

பராமரிப்பில் இரு வழிக்கும் உள்ள வேறுபாடு செலவைவிட நின்றுபோகும் நாட்களில்தான் அதிகம். ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு அது ஒர்க்‌ஷாப்பில் நின்றால் அன்றைய வருமானம் போவதோடு, வேலை கொடுத்தவரின் நம்பிக்கையும் ஆட்டம் காண்கிறது. நல்ல குத்தகை ஒப்பந்தம் மாற்று வண்டி தருவதாகச் சொல்லும். எத்தனை மணி நேரத்துக்குள், அதே கொள்ளளவிலா, தராத நாளுக்கு வாடகை கழியுமா என்ற மூன்றும் எழுத்தில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. அடுத்தது விலக்குப் பட்டியல். ‘பராமரிப்பு அடக்கம்’ என்று முதல் பக்கத்தில் இருக்கும். தேயும் பொருட்களான டயர், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ ஆகியவை அடங்காது என்று பின்பக்கத்தில் இருக்கலாம். அதிக லோடு ஏற்றியதால் வந்த பழுது அடங்காது என்பது அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். முக்கால் டன் ஏற்ற வேண்டிய வண்டியில் ஒன்றேகால் டன் ஏற்றுவது நம் சந்தைகளில் அன்றாடக் காட்சி. பின்பக்கப் பட்டை உட்கார்ந்துபோவதும், பின் டயர் ஓரத்தில் சீரில்லாமல் தேய்வதும், மேடேறும்போது கிளட்ச் கருகிய வாடை வருவதும் அதன் அடையாளங்கள். மெக்கானிக் அவற்றைப் பார்த்ததுமே காரணத்தைச் சொல்லிவிடுவார். குத்தகை நிறுவனமும் சொல்லிவிடும். அப்படி ஓட்டுபவர் குத்தகை எடுத்தால் வாடகையும் கட்டி ரிப்பேருக்கும் கட்டுவார்.

கிலோமீட்டர் வரம்பையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். நாளுக்கு 100 கி.மீ., மாதம் 26 நாள் ஓடும் வண்டிக்கு 2,600 கி.மீ. ஆகிறது. ஒப்பந்தம் 2,000 கி.மீ. மட்டும் அனுமதித்து, கூடுதல் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் கேட்டால் மாதம் ரூ.1,800 சேர்கிறது. நான்கு ஆண்டில் அது ரூ.86,000. ஒப்படைக்கும் நாளில் கீறலுக்கும் நசுங்கலுக்கும் போடும் பில்லும் உண்டு. நகரத்துச் சந்துகளில் டெலிவரி செய்யும் வண்டி கீறல் இல்லாமல் இருக்காது. வண்டியை எடுக்கும் நாளிலேயே நான்கு பக்கமும் தேதியோடு படமெடுத்து, மீட்டர் அளவையும் சேர்த்து ஒப்பந்தத்தோடு இணைத்துக்கொள்வது இந்தத் தகராறைப் பெருமளவு தவிர்க்கும்.

இனி வரி. குத்தகை வாடகை முழுவதும் செலவாகக் கழியும், ஆகவே வரி மிச்சம் என்பதே விற்பனையாளர்களின் வலுவான வாதம். முழுமையாகக் கணக்குப் புத்தகம் எழுதி வரி கட்டுபவருக்கு அது சரியே. ஆனால் வாங்கியவருக்கும் வட்டி கழியும், பராமரிப்பு கழியும், தேய்மானமும் கழியும். சொந்தச் சரக்கை ஏற்றும் வண்டிக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு 30 சதவீதம்; வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அதில் பாதி. தேய்மானத்தை யார் கேட்கலாம் என்பதும் தீர்ந்துபோன வழக்கு. ஆர்.சி. புத்தகம் குத்தகைக்கு எடுத்தவர் பெயரில் இருந்தாலும் தேய்மான உரிமை குத்தகை நிறுவனத்துக்கே என்று ஐ.சி.டி.எஸ். வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆக, ஒருவருக்கு வாடகை கழிகிறது, மற்றவருக்குத் தேய்மானமும் வட்டியும் கழிகின்றன. வண்டியின் ஆயுள் முழுவதும் கூட்டிப் பார்த்தால் இருவரும் தாம் செய்த செலவையே கழிக்கிறார்கள்; எந்த ஆண்டில் எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. ஒரு ரூபாய் வரி மிச்சமாக மூன்று நான்கு ரூபாய் கூடுதல் வாடகை கட்டுவது லாபம் ஆகாது.

சிறு தொழிலில் பெரும்பாலோருக்கு இந்தக் கணக்கே எழாது என்பதுதான் அதைவிட முக்கியம். சரக்கு வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டு, பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏஇ பிரிவில் அனுமான வருமானத்தைக் காட்டலாம். மொத்த எடை 12 டன்னைத் தாண்டாத வண்டிக்கு அது மாதம் ரூ.7,500, அதாவது ஆண்டுக்கு ரூ.90,000. வியாபாரம் செய்துகொண்டு அதன் டெலிவரிக்கு வண்டி வைத்திருப்பவர் 44ஏடி பிரிவில் விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதத்தை வருமானமாகக் காட்டலாம். 2025இல் இயற்றிய புதிய சட்டம் பிரிவு எண்களை மாற்றியதே தவிர, இந்த வழியை மூடவில்லை. இப்படிக் காட்டுபவருக்கு எல்லாச் செலவும் கழிந்துவிட்டதாகவே பொருள். டியூ கட்டினாலும் வாடகை கட்டினாலும் வரி ஒன்றே. போதாததற்கு, 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் ரூ.12 லட்சம் வரை வருமானமுள்ள தனிநபருக்கு வரியே வராதபடி தள்ளுபடி இருக்கிறது. வரியே கட்டாதவரிடம் வரி மிச்சம் என்று சொல்லி விற்பது அவருக்கு உதவாத ஒன்றை விற்பதாகும். கூடவே ஒரு நுணுக்கம்: 44ஏஇ பிரிவு உரிமையாளருக்கு உரியது. தவணையில் வாங்கிப் பாக்கி உள்ளவரையும் சட்டம் உரிமையாளராகவே கருதுகிறது. குத்தகைக்கு எடுத்தவரை அந்த வரையறையில் சேர்க்கவில்லை. அந்த எளிய வழியை நம்பியிருப்பவர் குத்தகையில் கையெழுத்திடுமுன் ஆடிட்டரைக் கேட்பது நல்லது.

ஜி.எஸ்.டி.யில் வேறுபாடு உண்மையானது. சரக்கு வண்டிகளுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. குத்தகை வாடகைக்கும் வண்டிக்குரிய அதே விகிதம்தான். ஆனால் வாங்கும்போது வண்டி விலைக்கு மட்டும் ஒருமுறை வரி. கடன் வட்டிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. குத்தகையில் நிறுவனத்தின் வட்டி, பராமரிப்பு, லாபம் எல்லாம் வாடகைக்குள் இருப்பதால் அவை அனைத்துக்கும் மாதாமாதம் வரி விழுகிறது. பதிவு பெற்று, தானும் வரி வசூலித்துக் கட்டுபவர் இரண்டிலும் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறலாம். சரக்கு வண்டிக்கு அதில் தடை இல்லை. வண்டி விலையில் இருந்த வரியைத் திரும்பப் பெற்றால் அந்தப் பகுதிக்குத் தேய்மானம் கேட்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஆண்டு வரவு ரூ.20 லட்சத்துக்குள் உள்ள ஒரு வண்டிக்காரர் பதிவே செய்திருக்க மாட்டார். அவருக்கு மேலே போட்ட கணக்கில் மாதம் ரூ.3,240, நான்கு ஆண்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல், திரும்பி வராத செலவு. வரி என்ற தலைப்பில் சிறு தொழிலுக்கு நேரடியாக வலிக்கும் தொகை இதுதான். அது குத்தகைக்கு எதிராகவே நிற்கிறது.

இந்த வாதத்துக்கு எதிராக இரண்டு கருத்துகளைச் சொல்லலாம். முதலாவது, சொந்த வண்டி ஒரு சொத்து. அதைக் காட்டிப் பிறகு கடன் வாங்கலாம், குத்தகையில் கடைசியில் கையில் ஒன்றும் இல்லை என்பது. இதில் உண்மை இருக்கிறது. கடன் முடிந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி அவசரத்துக்குப் பணம் திரட்ட முடியும். ஆனால் அந்த மதிப்பு டியூ முடிந்த பிறகே முழுமையாகக் கைக்கு வருகிறது. முதல் ஒன்றரை ஆண்டில் அவசரமாக விற்றால் கடன் பாக்கியைக் கழித்து மிஞ்சுவது கட்டிய முன்பணத்தைவிடக் குறைவு. சொத்து என்ற வாதம் வேலை நீளும் என்ற உறுதியைச் சார்ந்தே நிற்கிறது. இரண்டாவது, மின் வண்டி வந்துவிட்டதால் பழைய கணக்கு செல்லாது என்பது. இது வலுவான மறுப்பு. மின் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், வாடகைக்கும் அதே 5 சதவீதம் என்பதால் பதிவில்லாதவரின் சுமை வெகுவாகக் குறைகிறது. அதைவிட முக்கியமானது மறுவிற்பனை. பழைய டீசல் குட்டியானைக்கு எந்த ஊரிலும் விலை சொல்லும் தரகர் உண்டு. நான்கு ஆண்டு ஓடிய பேட்டரி வண்டிக்கு அப்படி நிலைத்த சந்தை இன்னும் உருவாகவில்லை. நம் கணக்கில் இருந்த ரூ.2,80,000 மறுவிற்பனைத் தொகை பாதியாகிவிட்டால் வாங்குவதன் லாபத்தில் ரூ.1,40,000 போய்விடும். பேட்டரியின் எதிர்காலத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத இந்த ஆண்டுகளில், அந்த நிச்சயமின்மையைக் குத்தகை நிறுவனத்திடம் விட்டுவிடுவதற்குக் கூடுதல் வாடகை கொடுப்பது நியாயமே.

ஆக, முடிவு ஒரு வழியைச் சார்ந்ததாக இல்லாமல் வேலையின் தன்மையைச் சார்ந்ததாக இருக்கவேண்டும். ஆண்டு முழுவதும் குறையாமல் ஓடும் அடிப்படை வேலைக்கு, இரண்டு ஆண்டுக்கு மேல் நீளும் என்ற நம்பிக்கை இருந்தால், கையில் இரண்டு மாத ஓட்டச் செலவை ஒதுக்கிவிட்டு டீசல் வண்டியைச் சொந்தமாக வாங்குவதே சிறந்தது. தீபாவளி, பொங்கல் நெருக்கடிக்கும், புதிதாகக் கிடைத்து இன்னும் நிலைக்காத வேலைக்கும், மின் வண்டியைச் சோதித்துப் பார்க்கவும் குறுகிய லாக்-இன் உள்ள குத்தகை பொருந்தும். கையெழுத்துப் போடுமுன் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதினால் போதும்: வேலை உறுதியான மாதங்கள், ஒப்பந்தத்தின் லாக்-இன் மாதங்கள், மாதம் ஓடும் கிலோமீட்டர், முன்பணம் போக மிஞ்சும் கையிருப்பு. முதல் எண் இரண்டாவதைவிடச் சிறியதாக இருந்தால் அந்தக் குத்தகை வேண்டாம். மூன்றாவது ஒப்பந்த வரம்பைத் தாண்டினால் வாடகையைத் திருத்திக் கணக்குப் போட வேண்டும். நான்காவது இரண்டு மாத டீசலுக்கும் சம்பளத்துக்கும் போதாவிட்டால் வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டு, அதுவரை குறுகிய குத்தகையில் ஓட்டிப் பணம் சேர்ப்பது, நம்மால் தாங்க முடிந்த விலையில் தொழிலைக் காப்பாற்றும்.